“அவனும் சிரித்தானே, மேடம்”

*வணக்கம் மேடம். நான் பிளஸ் டூ படிக்கிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து கூடவே படிக்கிற நண்பன் ஒருவன், எப்போதும் அவன்தான் கிளாஸ் ஃபர்ஸ்ட். அவனை எல்லோரும் ‘சென்டம்’ என்றுதான் கூப்பிடுவோம். காலாண்டில் இயற்பியலில் எனக்கு 70க்கு 17. அன்றிலிருந்து அவன் என்னை ‘பார்டர்’ என்பான். நான் கோபித்துக்கொண்டதே இல்லை. அரையாண்டுக்கு நிலைமின்னியலை அவன்தான் எனக்குச் சாயந்திரம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தான். எனக்கு 38 வந்தது. அவனுக்கு 41தான். பேப்பர் கொடுத்த அன்று அதைப் பிடுங்கி, “சென்டம் செத்துப்போச்சு, நாப்பத்தொண்ணு!” என்று கத்தினேன். கிளாஸே சிரித்தது. அவனும் சிரித்தான். ஆனால் மூன்று வாரமாக எங்களோடு சாப்பிட வருவதில்லை. கேட்டால் “ஒண்ணுமில்லடா” என்கிறான். அவன் என்னை ஓட்டலாம், நான் அவனை ஓட்டக் கூடாதா? இப்போது நான் என்ன செய்வது?*

தம்பி, அவன் சிரித்ததை வைத்து எதையும் முடிவு செய்யாதே. நாற்பது பேர் சிரிக்கும்போது நடுவில் மாட்டிக்கொண்டவனுக்கு வேறு வழி கிடையாது. முகம் சுருங்கினால் “ஃபீல் ஆயிட்டான்டா” என்று இன்னொரு சுற்று ஓடும். கோபப்பட்டால் “சீன் போடுறான்” என்பார்கள். சிரித்துவிட்டால் அரை நிமிடத்தில் எல்லோரும் வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். அதனால் சிரிப்பான். பள்ளிகளில் பல ஆண்டுகளாகப் பிள்ளைகளோடு பேசி வருகிறேன். கிண்டல் வலித்தது என்று என்னிடம் வந்து சொன்னவர்களில் பெரும்பாலோர் அந்த நேரத்தில் சிரித்தவர்கள்தான்.

சிரிப்புக்குப் பதிலாக, அவனிடமிருந்து எதிர்க் கிண்டல் வந்ததா என்று யோசித்துப் பார். உங்களுக்குள் இத்தனை வருடமாக ஓட்டல் எப்படி நடந்திருக்கும்? நீ ஒன்று சொல்வாய், அவன் ஒன்று திருப்புவான், நீ மறுபடி ஒன்று. பந்து இரண்டு பக்கமும் போய் வரும். அன்று அவன் எதையாவது திருப்பிச் சொன்னானா? உன் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. பேச்சில் கெட்டிக்காரனான ஒருவன் திருப்பிச் சொல்லாமல் வெறுமனே சிரித்தான் என்றால், அந்த இடத்தில்தான் விளையாட்டு நின்றிருக்கிறது. வேறு அடையாளங்களும் உண்டு. பேப்பர் வாங்கியதும் மார்க் இருக்கும் மூலையை மடித்துக்கொள்வார்கள். யாரும் சொல்லும் முன்பே தங்களைத் தாங்களே மட்டம் தட்டிக்கொள்வார்கள். இடைவேளையில் கழிவறைப் பக்கமே நேரத்தைப் போக்குவார்கள். ஆனால் எதிர்க் கிண்டல் நின்றுபோவதுதான் முதலில் தெரியும், நான் அதிகம் நம்புவதும் அதைத்தான்.

கிண்டல் செய்தவனுக்கு இது ஏன் தெரிவதில்லை? 2006இல் ஜஸ்டின் க்ரூகர் என்ற அமெரிக்க உளவியல் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் இதைத்தான் ஆராய்ந்தார்கள். ஒரே கிண்டலைச் செய்தவர் எப்படிப் பார்க்கிறார், அதற்கு ஆளானவர் எப்படிப் பார்க்கிறார் என்று ஒப்பிட்டார்கள். செய்தவர்கள் அதை லேசாக நினைத்தார்கள், ஆளானவர்கள் அந்த அளவுக்கு லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. காரணம் எளிமையானது. உன் மனதில் இருந்த பிரியம் உனக்குத் தெரியும், அதையும் சேர்த்துத்தான் நீ அந்த வார்த்தையை எடைபோடுகிறாய். அவன் காதில் விழுந்தது வார்த்தை மட்டும். உன் மனதைப் பார்க்க அவனுக்கு வழியில்லை. “நான் சும்மாதான் சொன்னேன்” என்பது உன் அளவில் முழு உண்மையாகவே இருக்கலாம். அதனால் அவனுக்கு வலி குறைந்துவிடாது.

சரி, நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். அவன் ‘பார்டர்’ என்று சொல்லலாம், நீ மட்டும் சொல்லக் கூடாதா? நியாயமான கேள்வி இது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் ஓட்டிக்கொண்டவர்கள்தான். ஆனால் இந்த இரண்டு பட்டப்பெயர்களும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. நிதானமாக யோசித்துப் பார்.

‘பார்டர்’ என்ற பெயர் 17 மார்க்கில் பிறந்தது. எழுத்துத் தேர்வில் 15 எடுத்தால்தான் பாஸ் என்ற இடத்தில் நீ இரண்டு மார்க்கில் தப்பித்தாய். அந்தப் பெயரை உடைக்க நீ மேலே ஏறினால் போதும். 38 வாங்கிய அன்றே அது பாதி உடைந்துவிட்டது. ‘சென்டம்’ என்ற பெயர் அப்படி இல்லை. கேட்கப் புகழ்ச்சி மாதிரி இருக்கும். ஆனால் அந்தப் பெயரைச் சுமப்பவன் மேலே ஏறி அதை உடைக்க முடியாது, கீழே விழுந்தால் மட்டும்தான் அது உடையும். ஒவ்வொரு தேர்விலும் அவன் அந்தப் பெயரைக் காப்பாற்றியாக வேண்டும். 70க்கு 65 வாங்கினால் யாரும் எதுவும் சொல்வதில்லை, அது அவன் வழக்கம். 41 வாங்கினால் வகுப்பே நிமிர்ந்து பார்க்கிறது. அவனுக்கு நல்ல மார்க் வந்த நாட்களில் ‘சென்டம்’ உங்களுக்குள் ஓடிய விளையாட்டு. மார்க் குறைந்த அந்த ஒரு நாளில் அதே சொல் அவனைக் குத்திவிட்டது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. குறைந்த மார்க் வாங்குகிறவனுக்கு வருத்தப்பட அனுமதி உண்டு. நீ 17 வாங்கிய அன்று யாராவது ஒருவர் உன் தோளில் கை போட்டிருப்பார். முதல் மார்க் வாங்குகிறவனுக்கு அந்த அனுமதியை யாரும் தருவதில்லை. அவன் வாயைத் திறந்தாலே “உனக்கென்னடா, நாப்பத்தொண்ணு இருக்கு, நாங்க பாஸாவே திண்டாடுறோம்” என்ற பதில் தயாராக இருக்கும். வீட்டில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. அங்கே 41 என்பது பேரிடி. ஒரு பக்கம் அவன் துக்கத்தைச் சிறிதாக்குகிறார்கள், இன்னொரு பக்கம் பெரிதாக்குகிறார்கள். அதை உள்ளபடி கேட்க ஆள் கிடைப்பதில்லை. அவனுக்கு அப்படி ஒரு ஆள் இருந்திருந்தால் அது நீயாகத்தான் இருந்திருப்பாய்.

பல ஆண்டுகளுக்கு முன் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி என்னிடம் வந்தாள். வகுப்பில் முதல் மாணவி. கணக்குப் பாடத்தில் கை தூக்கிச் சந்தேகம் கேட்டால் பின்னாலிருந்து “உனக்கே டவுட்டா?” என்று ஒரு குரல் வரும். மொத்தமே இரண்டு வார்த்தை. யாரும் திட்டவில்லை, அடிக்கவில்லை, கேட்டவர்கள்கூடப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். அவள் முதலில் சிரித்தாள். அப்புறம் வகுப்பு முடிந்து ஆசிரியரிடம் தனியாகப் போய்க் கேட்டாள். அதற்கும் ஒரு பெயர் வைத்தார்கள். அதோடு கேட்பதையே நிறுத்திவிட்டாள். இரண்டு மாதத்தில் வடிவியலில் பின்தங்கினாள். பின்தங்கியது தெரிந்தால் இன்னும் ஓட்டுவார்கள் என்று அதையும் மறைத்தாள். அவள் முதல் முறை வந்தபோது, “இதெல்லாம் விளையாட்டா எடுத்துக்கோம்மா” என்று சொல்லி அனுப்பினேன். அது என் தவறு. மறுபடி அவள் வர ஒரு மாதம் ஆயிற்று, அந்த ஒரு மாதத்தை நான் வீணாக்கிவிட்டேன். முதல் மாணவியை ஓட்டுவதில் என்ன பறிபோகும் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. ‘தெரியாது’ என்று சொல்லும் உரிமைதான் பறிபோகிறது. மாணவருக்கு அதைவிட முக்கியமான உரிமை எது என்று எனக்குத் தோன்றவில்லை.

இந்த விஷயத்தில் உன்னை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த நான் தயாரில்லை. மாநில, மாவட்ட அளவில் முதலிடங்களை அறிவிக்கும் வழக்கத்தை 2017இலேயே தமிழக அரசு நிறுத்திவிட்டது. பிளஸ் டூ, பத்தாம் வகுப்பு முடிவு வந்த மறுநாள் செய்தித்தாளில் முதலிடம் பிடித்தவர்களின் வாயில் லட்டு ஊட்டும் படங்கள் வந்த காலம் அதோடு குறைந்தது. ஆனால் வகுப்பறையில் என்ன மாறியது? இன்றும் பல ஆசிரியர்கள் விடைத்தாளை முதல் மார்க்கிலிருந்து வரிசையாக அடுக்கி வைத்து, பெயரையும் மார்க்கையும் சத்தமாக வாசித்துத்தான் கொடுக்கிறார்கள். எப்போதும் முதலில் வருகிற பெயர் ஐந்தாவதாக வந்தால், அதை முதலில் அறிவித்தது நீ அல்ல, ஆசிரியர்தான். இந்த வழக்கம் போக வேண்டும் என்று போகிற பள்ளிகளில் எல்லாம் சொல்லிவருகிறேன். தாளைக் கவிழ்த்து மேசையில் வைத்துவிட்டுப் போக எவ்வளவு நேரம் ஆகும்?

இப்போது உன்னைப் பற்றி. உன் கடிதத்தில் என்னை நிறுத்திய இடம் “எனக்கு 38 வந்தது” என்ற வரி. 17லிருந்து 38, இரண்டு மடங்குக்கு மேல். அதை அரை வரியில் சொல்லிவிட்டு அவனுடைய 41க்குப் போய்விட்டாய். அன்று வகுப்பில் யாராவது உன் 38ஐப் பார்த்தார்களா? யாராவது கை குலுக்கினார்களா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். நீ கத்த நினைத்தது “பாருடா, முப்பத்தெட்டு!” என்பதாக இருக்கலாம். வாயில் வந்தது அவனுடைய நாற்பத்தொன்று. ஆறு வருடத்தில் முதல் முறையாக உனக்கும் அவனுக்கும் நடுவில் மூன்றே மார்க். அந்தச் சந்தோஷம் தப்பில்லை. அது வெளியே வந்த விதம்தான் தப்பு.

நண்பன் என்பதாலேயே இது நடக்கிறது என்பதையும் தெரிந்துகொள். ஆபிரகாம் டெஸ்ஸர் என்ற உளவியலாளர் 1980இல் ஒரு சகாவுடன் சேர்ந்து செய்த சோதனை ஒன்று உண்டு. வார்த்தையைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு அது, ஒருவர் இன்னொருவருக்குத் துப்புத் தர வேண்டும். இது வெறும் விளையாட்டு என்று சொன்னபோது, முன்பின் தெரியாதவரைவிட நண்பருக்கு எளிதான துப்புகளைக் கொடுத்தார்கள். இது முக்கியமான திறமையைக் காட்டும் தேர்வு என்று சொன்னபோது நிலைமை மாறியது. தெரியாதவருக்குக் கொடுத்ததைவிட நண்பருக்குக் கடினமான துப்பைக் கொடுத்தார்கள். நமக்கு முக்கியமான ஒன்றில் யாரோ ஒருவர் நம்மை முந்தினால் அவ்வளவாக உறுத்தாது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் முந்தினால் உறுத்தும். இத்தனை வருடம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து அதைத் தாங்கியவன் நீ. ‘பார்டர்’ என்ற பெயர் உனக்கு உண்மையிலேயே வலிக்கவில்லையா? “நான் கோபித்துக்கொண்டதே இல்லை” என்பதும் “வலிக்கவில்லை” என்பதும் ஒன்றல்ல. நீயும் அப்போது சிரித்திருப்பாய்.

அவன் பக்கமிருந்து ஒன்றைச் சொல்கிறேன். உனக்கு நிலைமின்னியல் சொல்லிக்கொடுத்த சாயந்திரங்களை அவன் தன் படிப்பு நேரத்திலிருந்துதான் எடுத்திருப்பான். 41 வந்ததற்கு அது காரணம் என்று நான் சொல்லவில்லை, சொல்லிக்கொடுப்பவனுக்கும் பாடம் நன்றாகப் பதியும். ஆனால் தாளைப் பார்த்த அந்த நொடியில் அவன் மனதில் அந்தச் சாயந்திரங்கள் ஓடியிருக்கும். அதே நொடியில் தாளைப் பிடுங்கியவன் நீ. வேறு யார் கத்தியிருந்தாலும் மறுநாள் மறந்திருப்பான்.

செய்ய வேண்டியது இதுதான். முதலில் இரண்டு நாள் அவனைக் கவனி. உங்களை மட்டும் தவிர்க்கிறானா, எல்லோரையும் தவிர்க்கிறானா? வேறு பையன்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுப் பேசிச் சிரிக்கிறான் என்றால், விஷயம் உனக்கும் அவனுக்கும் நடுவில் இருக்கிறது, நீயே பேசித் தீர்க்கலாம். யாரோடும் சேராமல், சாப்பிடாமல், அடிக்கடி லீவு போட்டுக்கொண்டு, தூக்கமில்லாத முகத்தோடு வருகிறான், அல்லது “படிச்சு என்ன ஆகப் போகுது”, “இருந்து என்ன” என்கிற மாதிரிப் பேசுகிறான் என்றால், அது உன் கிண்டலைவிடப் பெரிய விஷயம். காத்திருக்காதே. அன்றே அவன் நம்பும் ஆசிரியரிடமோ அவன் வீட்டிலோ சொல்லிவிடு. ‘போட்டுக்கொடுத்துவிட்டான்’ என்று அவன் கோபித்தால் கோபிக்கட்டும். மனநல உதவிக்கு 14416 என்ற இலவச எண் இருபத்துநான்கு மணி நேரமும் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம், நீயே கூப்பிட்டு என்ன செய்வது என்று கேட்கலாம்.

முதல் வகைதான் என்றால் தனியாகப் பேசு. பள்ளி விட்டு சைக்கிள் எடுக்கிற இடம், பஸ் நிறுத்தம் மாதிரி, நின்று பேசவும் விலகிப் போகவும் வசதியான இடமாக இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் வேண்டாம், குரூப்பில் வேண்டவே வேண்டாம். சுருக்கமாக, நீ செய்ததை மட்டும் சொல். “டேய், அன்னிக்கு உன் பேப்பரைப் பிடுங்கி எல்லார் முன்னாடியும் மார்க்கைக் கத்தினேன். நான் அப்படிச் செஞ்சிருக்கக் கூடாது. ஸாரிடா.” இவ்வளவு போதும்.

இதில் சறுக்குகிற இடங்கள் உண்டு. “நீ ஹர்ட் ஆயிருந்தா ஸாரி” என்று ஆரம்பிக்காதே. அதற்கு “நான் ஒண்ணும் ஹர்ட் ஆகல” என்றுதான் பதில் வரும், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். “நீயும்தானே பார்டர்னு சொன்ன” என்பதை இந்தப் பேச்சில் கொண்டுவராதே. அது உண்மைதான், ஆனால் சொன்ன உடனே மன்னிப்பு கணக்குத் தீர்ப்பதாக மாறிவிடும். “ஏன்டா நாப்பத்தொண்ணு வந்துச்சு?” என்று ஆறுதலாகக்கூடக் கேட்காதே. அவன் “அதெல்லாம் ஒண்ணுமில்லடா, விடு” என்பான், ஏறக்குறைய நிச்சயம். அதற்கு மேல் வற்புறுத்தாமல் “சரிடா” என்று சொல்லிவிட்டு வா. ஸாரி சொன்ன அன்றே சாப்பிட வந்துவிடுவான் என்று எதிர்பார்க்காதே. ஒரு வாரம், பத்து நாள் ஆகலாம். “உனக்கும் இடம் போட்டிருக்கோம்” என்று ஒரு முறை சொல், தினமும் கூப்பிட்டு அவனைக் கூச வைக்காதே.

எல்லோர் முன்னாலும் நடந்ததை எல்லோர் முன்னாலும் சரி செய்யத் தோன்றும். வகுப்பில் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நாற்பது பேரும் மறுபடி அவனைத் திரும்பிப் பார்ப்பார்கள். அதற்குப் பதில் நாளையிலிருந்து அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடு. வேறு யாராவது ‘சென்டம்’ என்று ஆரம்பித்தால், அவன் இல்லாத நேரத்தில் “அந்தப் பேரு வேணாம்டா” என்று சாதாரணமாகச் சொல். ஏன் என்று விளக்கிப் பாடம் எடுக்க வேண்டாம். வகுப்பில் அந்தப் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்ட நீயே விட்டுவிட்டால், மற்றவர்களும் மெல்ல விட்டுவிடுவார்கள்.

அதற்காக அவனிடம் பயந்து பயந்து பேசாதே. ஓட்டுவதையே நிறுத்திவிட்டால் ‘என்மேல் பரிதாபப்படுகிறார்கள்’ என்று அவனுக்குத் தோன்றும், அது இன்னும் கஷ்டம். அவன் பாடுவதை ஓட்டு, கிரிக்கெட்டில் ஃபீல்டிங் செய்வதை ஓட்டு. மார்க்கை மட்டும், அவனாக அதைச் சிரிப்பாகச் சொல்லும்வரை தொடாதே. எவ்வளவு நாள் ஆனாலும் அதை முதலில் எடுக்கும் உரிமை அவனுடையது. அவன் மறுபடி உன்னை ஏதாவது சொல்லி ஓட்டினால், அன்று நிம்மதியாக வீட்டுக்குப் போ. பந்து திரும்பி வந்துவிட்டது என்று அர்த்தம்.

‘பார்டர்’ பற்றியும் பேசத்தான் வேண்டும், ஆனால் வேறொரு நாள், உங்களுக்குள் பேச்சு சகஜமான பிறகு. “எனக்கு அந்தப் பேரு பிடிக்கலடா, விட்டுடு” என்று ஒரே வரியில் சொல்லலாம். உனக்கு வலித்திருந்தால் மட்டும் சொல், இல்லாவிட்டால் தேவையில்லை. 38ஐ அவனிடம் காட்டுவதும் அந்த நாளில்தான். “நீ சொல்லிக்கொடுத்த கணக்குல ஒண்ணு அப்படியே வந்துச்சு” என்று சொல்லிப் பார், வந்திருந்தால். அவன் முகத்தைப் பார்த்தாலே தெரியும், அந்த 38இல் அவனுக்கும் பங்கு உண்டு என்று அவன் நினைக்கிறானா இல்லையா என்று.

இன்னும் சில நாளில் உங்களுக்குத் திருப்புதல் தேர்வுத் தாள்கள் வரும். பெயரும் மார்க்கும் மறுபடி வாசிக்கப்படலாம், அதை உன்னால் தடுக்க முடியாது. உன் தாளை வாங்கி, மார்க்கை நீ மட்டும் பார்த்துவிட்டு, பெஞ்சில் கவிழ்த்து வை. அவன் தாள் பக்கம் திரும்பாதே. மதியம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கும்போது வேறு எதையாவது பேசு.